செக்கு போடலாமா, எக்ஸ்பெல்லரா, கூலிக்கு ஆட்டலாமா: எண்ணெய் ஆலைக்கு முன் போட்ட கணக்கு

சித்தப்பா மகனுக்குத் திண்டிவனம் பக்கம் ஒரு எண்ணெய் ஆலை போட ஆசை. சுற்றிலும் மல்லாட்டை விளையும் பூமி (மணிலா என்றாலும் நிலக்கடலை என்றாலும் அதேதான்), ஊருக்குள்ளேயே எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம், புதுச்சேரி கைக்கெட்டும் தூரம், சென்னைக்கு நேர் ரோடு. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டான். அவன் கையில் நாற்பது பக்கத்துக்கு ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் இருந்தது. மிஷின் விற்பவர்கள் பக்கம் யாரோ எழுதிக் கொடுத்தது. தொழில்நுட்பம், சந்தை, நிதி, சட்டம் என்று நான்கு தலைப்பும் இருந்தன, ஆனால் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளவே இல்லை. தொழில்நுட்பப் பகுதியில் மிஷினின் படம், சந்தைப் பகுதியில் 'மக்களிடம் விழிப்புணர்வு பெருகிவிட்டது', நிதிப் பகுதியில் முதல் ஆண்டே லாபம், சட்டப் பகுதியில் உரிமங்களின் பெயர்ப்பட்டியல். பேங்குக்கு இது போதும், கடன்கூட வந்துவிடும். ஆனால் ஆலை ஓடுமா என்று அவனுக்கே தெரியாது.

அதனால் அதை ஓரமாக வைத்துவிட்டு, அவன் முன்னால் இருந்த மூன்று வழிகளையும் அந்த நான்கு கேள்விகளில் போட்டுப் பார்த்தோம். முதல் வழி, இரண்டு மரச்செக்கு போட்டு, மல்லாட்டைப் பருப்பு வாங்கி ஆட்டி, சொந்தப் பெயரில் பாட்டிலில் விற்பது. இரண்டாவது, திருகில் அழுத்திப் பிழியும் எக்ஸ்பெல்லர் மிஷின் போட்டு டின் கணக்கில் மொத்த வியாபாரிக்குக் கொடுப்பது. மூன்றாவது, ஒரே செக்கு வைத்து, ஊர்க்காரர்கள் கொண்டுவரும் மல்லாட்டையையும் எள்ளையும் கூலிக்கு ஆட்டிக் கொடுப்பது. இங்கே வரும் விலைகள் எல்லாம் நாங்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டால் எண்கள் மாறும், போடும் முறை மாறாது.

சட்டத்தை முதலில் பார்த்தோம். அது முக்கியம் என்பதால் இல்லை, காசு செலவில்லாமல் ஒரு திட்டத்தை நிறுத்தக்கூடியது அதுதான் என்பதால். அவன் பார்த்து வைத்திருந்த இடம் ஒரு வீட்டின் கீழ்த்தளம். வீட்டு உபயோகத்துக்கென்று அனுமதி வாங்கிய கட்டடம், மேலே குடும்பம் இருக்கிறது. அங்கே தொழிற்சாலை மின் இணைப்புக் கேட்டால் கட்டட அனுமதியில் தொடங்கி உள்ளாட்சி உரிமம் வரை வரிசையாக இடிக்கும். உரிமையாளர் 'அதெல்லாம் பார்த்துக்கலாம்' என்றார், யார் பார்த்துக்கொள்வது என்று மட்டும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படிப் பார்த்துக்கொள்ளலாம் என்று மிஷினை இறக்கிவிட்டு, எட்டு மாதம் வாடகையும் வட்டியும் கட்டிக்கொண்டு கரண்டுக்காகக் காத்திருந்தார். மிஷினுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் நிலத்தின் வகைப்பாடு, கட்டட அனுமதி, மும்முனை மின்சாரம் மூன்றையும் கேட்டுவிட வேண்டும். ஒரு வாரம் அலைச்சல், அவ்வளவுதான்.

மின்சாரத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. தமிழ்நாட்டில் குடிசைத் தொழிலுக்கும் குறுந்தொழிலுக்கும் தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது, அதற்கு இணைப்புச் சுமை 12 கிலோவாட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு செக்குக்கு மூன்றிலிருந்து ஐந்து ஹெச்பி மோட்டார் போதும், எனவே இரண்டு செக்கும் ஒரு வடிகட்டியும் அதற்குள் அடங்கிவிடும். எக்ஸ்பெல்லரும் அதோடு சேர்ந்த சல்லடை, பம்பு எல்லாம் வந்தால் வரம்பைத் தாண்டிவிடும், யூனிட் விலையும் நிலைக் கட்டணமும் ஏறும். மாசுக் கட்டுப்பாட்டில் மூன்று வழிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சுத்திகரிப்பு இல்லாமல் வெறுமனே ஆட்டுவது மட்டும் என்றால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2016 பட்டியலில் அது மாசு குறைந்த பச்சை வகைதான். பட்டியல் அவ்வப்போது திருத்தப்படுவதால் மாவட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

சட்டத்தில் உண்மையான வித்தியாசம் விற்கிற இடத்தில் வருகிறது. சமையல் எண்ணெயைச் சில்லறையாக அளந்து ஊற்றி விற்கக் கூடாது, பாக்கெட்டிலோ பாட்டிலிலோ அடைத்து லேபிளோடுதான் விற்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. ஊரில் பலர் பாத்திரம் கொண்டுவந்தால் ஊற்றிக் கொடுக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் அதை நம்பித் திட்டம் போட முடியாது. அப்போது முதல் வழிக்கு பாட்டில், லேபிள், எஃப்எஸ்எஸ்ஏஐ எண், எடையளவுச் சட்டப்படி பேக்கர் பதிவு எல்லாம் வந்துவிடும். லேபிளில் என்ன எழுதுகிறோம் என்பதும் கவனம். 'கொலஸ்ட்ராலை எதிர்க்கும்', 'இதயத்துக்கு இதம்' மாதிரி வாசகங்களை எண்ணெய் பாட்டிலில் போடக் கூடாது. அவன் ரிப்போர்ட்டில் மாதிரி லேபிள் ஒன்று இருந்தது, அதில் இதயம் படமே இருந்தது. கூலிக்கு ஆட்டுகிறவருக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வேண்டும், ஆனால் எண்ணெய் அவருடையது இல்லை, அவர் எதையும் விற்கவில்லை. வருகிறவர் தன் பருப்பைத் தன் டப்பாவில் எண்ணெயாக எடுத்துப் போகிறார். லேபிள் தொல்லை இல்லை.

அடுத்தது தொழில்நுட்பம். ரிப்போர்ட்டில் 'நாளொன்றுக்கு 200 கிலோ திறன்' என்று இருந்தது. செக்கு நிற்காமல் ஓடினால் அது சரி. ஒரு ஈடுக்கு 15 கிலோ பருப்பு, ஆட்ட முக்கால் மணி நேரம், போட எடுக்க, புண்ணாக்கைச் சுரண்ட, சுத்தம் செய்ய என்று சேர்த்தால் ஒரு மணிக்கு மேல் ஆகிவிடும். கரண்டும் போகும், ஆளும் சாப்பிடப் போவார். ஓடுகிற செக்கில் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தோம், ஒரு செக்குக்கு நாளைக்கு ஆறு ஈடு, 90 கிலோ, அதுதான் நடக்கிற கணக்கு. இரண்டு செக்குக்கு 180 கிலோ.

திறனைவிட முக்கியமான எண், ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோ பருப்பு என்பது. செக்குக்காரர்கள் பொதுவாக இரண்டரை என்பார்கள். இந்த எண்ணை யாருடைய வாயிலிருந்தும் வாங்கக் கூடாது, ஆட்டிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். நீங்கள் வாங்கப்போகிற அதே வியாபாரியிடம், அதே ரகப் பருப்பு 15 கிலோ வாங்கி, தெரிந்த செக்கில் கூலி கொடுத்து ஆட்டி, எண்ணெயை மூன்று நாள் தெளியவிட்டு, அதன் பிறகு அளக்க வேண்டும். செக்கிலிருந்து வந்தவுடன் அளந்தால் கசடும் சேர்ந்து கணக்கில் வந்துவிடும். அன்றைக்குப் பார்த்தால் ஆறு லிட்டருக்கு மேல் தெரியும், மூன்றாம் நாள் குறைந்திருக்கும். நாங்கள் இரண்டு முறை ஆட்டினோம். நன்றாகக் காய்ந்த பருப்பில் 2.5 வந்தது. கொஞ்சம் ஈரமும் சுருங்கல் பருப்பும் கலந்த மலிவுச் சரக்கில் 2.7. வித்தியாசம் 200 கிராம்தானே என்று அவன் விட்டுவிடப் பார்த்தான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

எக்ஸ்பெல்லர் இதில் ஜெயிக்கும். அது நசுக்குகிற அழுத்தத்தில் புண்ணாக்கில் ஆறு ஏழு சதவீதம் எண்ணெய்தான் மிஞ்சும், செக்குப் புண்ணாக்கில் பத்துக்கு மேல் தங்கிவிடும். ஒரு லிட்டருக்கு இரண்டே கால் கிலோவுக்குள் முடித்துவிடலாம், மணிக்கு 100 கிலோ வரை தள்ளும் சின்ன மிஷின்களும் இருக்கின்றன. ஆட்டுகிற வேலையை மட்டும் பார்த்தால் செக்கு பக்கத்திலேயே வர முடியாது. ஆனால் சூடு ஏறிவிடும், வாசனை வேறு, 'செக்கு எண்ணெய்' என்று சொல்லி விற்க முடியாது. மிஷின் ஜெயித்த இடத்திலேயே சந்தையில் தோற்கிறது.

பருப்பின் ஈரத்துக்கு இன்னொரு முகம் பூஞ்சை. எட்டு சதவீதத்துக்கு மேல் ஈரம் உள்ள மூட்டையை அடுக்கி வைத்தால் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் உண்டாகலாம். அதில் பெரும்பகுதி புண்ணாக்கில்தான் தங்கும், அது மாட்டுக்குப் போய்ப் பாலில் வரும். புண்ணாக்கு வாங்குகிற பால்காரர்கள் ஒருமுறை நமுத்த வாடை பார்த்தால் மறுமுறை வரமாட்டார்கள். கடித்துப் பார்த்தால் 'டக்' என்று உடையணும், வளைந்து கொடுத்தால் ஈரம் என்று ஊரில் சொல்வார்கள். ஈரம் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்வது அதைவிட நல்லது.

சந்தை. இங்கேதான் பெரும்பாலான ரிப்போர்ட்டுகள் கதை சொல்லும். நாங்கள் ஒரே ஒரு வேலை செய்தோம், ஆலையின் திறனைக் குடும்பமாக மாற்றினோம். இரண்டு செக்கு, நாளைக்கு 180 கிலோ, இரண்டரையால் வகுத்தால் 72 லிட்டர், மாதம் 25 நாள் ஓடினால் 1,800 லிட்டர். ஒரு குடும்பம் மாதம் மூன்று லிட்டர் கடலை எண்ணெய் வாங்கும் என்று வைத்தால் 600 குடும்பம் வேண்டும். அதுவும் ஒருமுறை வாங்கிப் பார்க்கிற குடும்பம் இல்லை, மாதாமாதம் வருகிற குடும்பம். செக்கு எண்ணெய் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் மூன்று லிட்டர் வாங்குவதில்லை, பொரிக்க ரீஃபைண்டு, தாளிக்கச் செக்கு என்று பிரித்து ஒரு லிட்டரோடு நிறுத்துகிறார்கள். அப்படியென்றால் எண்ணிக்கை இன்னும் ஏறும். இதைச் சொன்னதும் அவன் நோட்டை எடுத்துச் சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள், மனைவியின் பள்ளி ஆசிரியைகள் என்று எழுத ஆரம்பித்தான். 57-ல் நின்றது.

கடைகளுக்குக் கொடுத்தால் என்ன என்றான். அது நிதிக் கணக்கில்தான் தெரியும்.

பருப்பு கிலோ 120 ரூபாய், லிட்டருக்கு இரண்டரை கிலோ, 300 ரூபாய். புண்ணாக்கு ஒன்றரை கிலோ, கிலோ 40 வீதம் 60 ரூபாய் திரும்பி வருகிறது. பாட்டில், மூடி, லேபிள் 12. ஆக ஒரு லிட்டருக்கு நேரடிச் செலவு 252. விற்கிற விலை 340, அதில் ஐந்து சதவீத ஜிஎஸ்டி போனால் 324. மிஞ்சுவது 72 ரூபாய். மாதச் செலவு: இரண்டு ஆள் கூலி 30,000, வாடகை 12,000, மின்சாரம் 8,000, மற்றவை 6,500. கடன் தவணை 18,500, இது 12 லட்சம் திட்டத்தில் பத்து சதவீதம் நம் கைக்காசு போக, 10.8 லட்சத்தை 11 சதவீத வட்டியில் ஏழு ஆண்டு கட்டினால் வருவது. மொத்தம் 75,000. அதை 72-ஆல் வகுத்தால் மாதம் 1,040 லிட்டர் விற்றால் கை கடிக்காது.

ரிப்போர்ட்டும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. அதில் இல்லாதது அவன் சம்பளம். காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்குகிறவன் மாதம் 25,000 எடுக்க வேண்டாமா? சேர்த்தால் மாதச் செலவு ஒரு லட்சம், 1,390 லிட்டர், அதாவது 460 குடும்பத்துக்கு மேல். இப்போது அந்த 200 கிராமுக்கு வருவோம். லிட்டருக்கு 2.7 கிலோ பிடித்தால் பருப்புச் செலவு 24 ரூபாய் கூடுகிறது, புண்ணாக்கில் 8 ரூபாய் திரும்புகிறது, மிஞ்சுவது 72-லிருந்து 56-ஆக இறங்குகிறது. ஒரு லட்சத்தை 56-ஆல் வகுத்தால் 1,790 லிட்டர். அந்தப் பருப்பில் ஆலை முழுக்க ஓடினாலும் 1,670 லிட்டர்தான் வரும். மாதம் முழுக்கச் செக்கு நிற்காமல் ஓடி, ஆட்டியது அத்தனையும் விற்று, கடைசியில் நஷ்டம்தான். தொழில்நுட்பப் பகுதியில் ஒரு சின்ன எண் தவறினால் நிதிப் பகுதி முழுக்கக் கவிழ்வது இப்படித்தான். கடை வழியாக விற்றால் இன்னும் மோசம். கடைக்காரர் 15 சதவீதம் எடுப்பார், நமக்கு 289 வரும், வரி போக 275, மிஞ்சுவது 23 ரூபாய். 4,300 லிட்டருக்கு மேல் விற்க வேண்டும், செக்கால் அவ்வளவு ஆட்டவே முடியாது. ஆகவே இரண்டு செக்கு வழி என்றால் நேரடி விற்பனை மட்டும்தான், கடை கிடையாது.

எக்ஸ்பெல்லரை இதே மாதிரி முழுக் கணக்குப் போடவேண்டிய அவசியமே வரவில்லை, நடைமுறை மூலதனத்திலேயே நின்றுவிட்டது. மணிக்கு 100 கிலோ, எட்டு மணி நேரம், நாளைக்கு 96,000 ரூபாய்ப் பருப்பை அது தின்னும். பருப்புக்காரருக்கு ரொக்கம், டின் வாங்குகிறவரிடம் கடன். பணம் திரும்ப 25 நாள் ஆனால் 24 லட்சம் ரூபாய் எப்போதும் தெருவில் நிற்க வேண்டும். மிஷினைவிடப் பல மடங்கு. அதோடு டின் விலை திண்டிவனத்தில் முடிவாவதில்லை. கடலை எண்ணெய்க்கு குஜராத்தும், அதற்குப் பின்னால் இறக்குமதியாகிற பாமாயிலும் சூரியகாந்தியும் விலை வைக்கின்றன. 2024 செப்டம்பரில் மத்திய அரசு கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு அடிப்படைச் சுங்க வரியை 20 சதவீதமாக ஏற்றியது, 2025 மே கடைசியில் 10 ஆக இறக்கியது. கிடங்கில் பருப்பு அடுக்கி வைத்திருக்கிறவருக்கு இப்படி ஒரு அறிவிப்பு போதும். பெரிய ஆலைக்காரர் தாங்குவார். சின்ன ஆள் இந்த விளையாட்டில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து, அவனுக்கும் அதே எண்ணம்தான் வந்தது.

செக்குக்கும் சரக்குப் பணம் உண்டு. மானாவாரி மல்லாட்டை ஆடியில் விதைத்து ஐப்பசி கார்த்திகையில் வரும், இறவை மல்லாட்டை மார்கழி தையில் விதைத்து கோடையில் வரும். வரத்து நேரத்தில் விலை இறங்கும். மாதம் 1,390 லிட்டருக்கு 3,475 கிலோ பருப்பு, நான்கு லட்சத்துச் சொச்சம். மூன்று மாதச் சரக்கு எடுத்து வைக்க 12 லட்சத்துக்கு மேல், அதாவது மொத்தத் திட்டச் செலவே அவ்வளவுதான். ரிப்போர்ட்டில் ஒரு வாரச் சரக்குக்குத்தான் பணம் ஒதுக்கியிருந்தார்கள். மானியம் வருமே என்றான். பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கிராமப்புறத்தில் பொதுப் பிரிவுக்கு 25, சிறப்புப் பிரிவுக்கு 35 சதவீதம் உண்டுதான், ஆனால் அது கைக்கு வராது. பேங்கில் மூன்று ஆண்டு வைப்பாகக் கிடந்து, ஆலை ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கடனில் கழிப்பார்கள். முதல் ஆண்டு பருப்பு வாங்க அது உதவாது.

அடுத்தது கூலிக்கு ஆட்டுவது. கிலோவுக்கு 15 ரூபாய் என்று வைத்தோம். இரண்டு செக்கு போட்டு அதே வாடகை, அதே தவணை என்றால் முழுத் திறனில் ஓடினாலும் 67,500-தான் வரும், 75,000 செலவைத் தொடாது. ஆனால் ஒரே செக்கு, சித்தப்பாவின் சொந்தக் கொட்டகை (மெயின் ரோட்டில் இல்லை, ஆனால் நிலத்திலும் கட்டடத்திலும் பிரச்சினை இல்லாதது), 3.5 லட்சம் கடன் என்றால் கதை வேறு. தவணை 6,000, ஒரு ஆள் கூலி 15,000, மின்சாரம் 4,000, மற்றவை 2,000, மொத்தம் 27,000. அதற்கு 1,800 கிலோ ஆட்டினால் போதும், நாளைக்கு ஐந்து ஈடு. பருப்பில் ஒரு பைசாகூட முடங்காது, விலை ஏறினாலும் இறங்கினாலும் அது கொண்டுவருகிறவர் பாடு. குறை என்னவென்றால் மேலே போக வழியில்லை, முழுக்க ஓடினாலும் 33,750-தான். அறுவடை முடிந்த இரண்டு மாதம் வரிசை நிற்கும், மழைக்காலத்தில் ஈ ஓட்ட வேண்டியதுதான். சில ஊர்களில் கூலிக்குப் பதில் புண்ணாக்கை எடுத்துக்கொள்கிறார்கள், அவரவர் கொண்டுவருகிற பருப்பின் தரம் தெரியாமல் அதை ஒத்துக்கொள்ளக் கூடாது.

கடைசியில் முதலுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒன்றைப் பிடித்தோம். ஒரு செக்கு, சொந்தக் கொட்டகை, மாதம் 1,200 கிலோ கூலிக்கு ஆட்டுவது, அதில் 18,000. மீதி நேரத்தில் 1,000 கிலோ சொந்தப் பருப்பு, 400 லிட்டர், 28,800. இரண்டும் சேர்ந்து 46,800 வரவு, விற்பனைக்கான அலைச்சலையும் சேர்த்துச் செலவு 30,000. கையில் 16,800 நிற்கும், அவனே செக்கில் நின்றால் ஆள் கூலி 15,000-மும் அவனுக்கு. சரக்கில் முடங்குவது மாதம் 1.2 லட்சம். 2.7 கிலோ பருப்பு வந்தாலும் அதே 1,000 கிலோவில் 370 லிட்டர், லிட்டருக்கு 56 ரூபாய் வீதம் வரவில் 8,000 சொச்சம் குறையும், வலிக்கும், கவிழாது. வேண்டிய குடும்பம் 133.

லேபிள் அச்சடிக்கவில்லை, எஃப்எஸ்எஸ்ஏஐ விண்ணப்பம் கொட்டகை முகவரியில் போட்டாயிற்று. கொட்டகைத் தரையில் இரண்டாவது செக்குக்கும் சேர்த்தே அஸ்திவாரம் போடச் சொல்லியிருக்கிறான், சிமெண்ட் செலவு சின்னதுதானே என்று. நோட்டில் பெயர்கள் இப்போது 57-லிருந்து 81 ஆகியிருக்கின்றன, அதில் எத்தனை பேர் மூன்று லிட்டர், எத்தனை பேர் ஒரு லிட்டர் என்று பக்கத்தில் பென்சிலால் எழுதி வருகிறான்.